புதுச் சின்னம், புது வாசகம்: அசெம்பிளியில் என்ன பேசலாம்? (வரைவு உள்ளே)

பாலாற்றங்கரை

ராணிப்பேட்டை மாவட்டத்தில், பாலாற்றை ஒட்டிய ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளிக்கு முதல்வராக இருக்கிறேன். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை சுமார் 900 பிள்ளைகள். பள்ளியின் சின்னத்தையும் வாசகத்தையும் மாற்ற நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மாற்றலாமா கூடாதா என்ற விவாதம் முடிந்துபோன விஷயம், அதற்குள் போகவேண்டாம். குடியரசு தினத்தன்று கொடியேற்றம் முடிந்ததும் பெற்றோர் முன்னிலையில் அறிமுகம் செய்து நான் பேச வேண்டும்.

பழைய சின்னத்தில் விரித்த புத்தகம், மேலே குத்துவிளக்கு, பின்னால் உதிக்கும் சூரியன், கீழே 'நாலெட்ஜ் இஸ் பவர்'. புதியதை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்தாள். மணற்கேணியை மேலிருந்து பார்ப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், நடுவில் தண்ணீர், ஓரத்தில் ஒரு கை. வாசகம் 'கற்றனைத்தூறும் அறிவு'.

என் வரைவின் முதல் பகுதி இது:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே, அறங்காவலர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்பு மாணவச் செல்வங்களே! மாறிவரும் உலகச் சூழலில் கல்வியின் நோக்கமும் மாறிவருகிறது. அந்த மாற்றத்தைப் பிரதிபலிக்கும் வகையில் நம் பள்ளியின் சின்னம் புதுப்பொலிவு பெறுகிறது. இதிலுள்ள வட்டம் முழுமையைக் குறிக்கிறது. நீல நிறம் ஆழ்ந்த அறிவையும் பழுப்பு நிறம் நம் மண்ணையும் குறிக்கின்றன. மூன்று வளையங்கள் உடல், மனம், சமூகம் ஆகியவற்றின் நலனைக் குறிக்கின்றன. கை, முயற்சியைக் குறிக்கிறது..."

இப்படியே போகிறது. வாசித்துப் பார்த்தால் 14 நிமிடம் வருகிறது. எதை வெட்டலாம்?

பழைய ஹெச்.எம்.

அம்மா, வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் அசெம்பிளி மேடையில் நின்றவன். வெட்டுவதைவிட வரிசையை மாற்றுவதுதான் இங்கே வேலை.

தமிழ்த்தாய் வாழ்த்து, கொடியேற்றம், உறுதிமொழி, சிறப்பு விருந்தினர் பேச்சு என்று பிள்ளைகள் அதற்குள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருப்பார்கள். அதன்பிறகு நீங்கள் வாய் திறக்கிறீர்கள். முதல் வார்த்தையே 'எல்லாரும் உட்காருங்கள்' என்று இருக்கட்டும். அப்புறம் உடனே திரையை விலக்குங்கள். உங்கள் வரைவில் பத்து நிமிடம் விளக்கிவிட்டுப் பிறகு காட்டுகிறீர்கள். பார்க்காத படத்தைப் பற்றி ஒரு குழந்தை எவ்வளவு நேரம் கேட்கும்?

விலகியதும் பத்து விநாடி பேசாதீர்கள். மேடையில் நிற்பவருக்கு அது ஒரு யுகமாகத் தெரியும், கீழே இருப்பவர்களுக்குப் பார்க்கவே அந்த நேரம் வேண்டும். பிறகு 'என்ன தெரிகிறது?' என்று சின்னப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அடுத்து, 'குறிக்கிறது' என்று முடியும் வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். நீலம் அறிவு, பச்சை வளர்ச்சி, மூன்று வளையம் மூன்று நலன் என்பதெல்லாம் எந்தப் பள்ளிச் சின்னத்துக்கும் பொருந்தும், மறுநாள் யாருக்கும் நினைவில் நிற்காது. உங்கள் சின்னத்தில் இருப்பது ஒரு ஊற்று. அந்த ஊற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். மொத்தம் ஏழு நிமிடம்.

இன்னொன்று. அன்றைக்கு இருப்பது தேசியக்கொடி மேடை. பள்ளிக்கொடி ஏதும் ஏற்றுவதாக இருந்தால் அதே கம்பத்தில் ஏற்றக்கூடாது, தேசியக்கொடிக்கு மேலாகவும் பறக்கக்கூடாது. சின்னப் பலகையை மூட மூவர்ணக் கொடியைத் தொடவே வேண்டாம், சட்டப்படி தவறு. சாதாரண வெள்ளைத் துணி போதும். முடிந்தால் இந்த நிகழ்ச்சியையே வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள் என்பேன்.

இரண்டு பிள்ளை அப்பா

எல்லாம் சரி மேடம். இதுக்கு எங்ககிட்ட எவ்வளவு வாங்கப்போறீங்க? அதை முதல்ல சொல்லுங்க. என் பையன் படிக்கிற பள்ளியில் போன வருஷம் இப்படித்தான் 'புது அடையாளம்' என்று விழா எடுத்தார்கள். ஜூன்ல போனா ரெண்டு செட் சீருடை, டை, பெல்ட், டைரி, ஐடி கார்டு, எல்லாம் புதுசு. போன வருஷச் சட்டை அலமாரியில் அப்படியே கிடக்கு. விளக்கு, புத்தகம், ஊற்று, எதை வேணா போடுங்க. பில்லைக் காட்டுங்க.

பாலாற்றங்கரை

சார், நான் கேட்டது பேச்சைப் பற்றி. கட்டணம் எதுவும் உயரவில்லை.

பழைய ஹெச்.எம்.

அம்மா, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பேச்சில் விட்டுப்போன பாதியைத்தான் அவர் கேட்டிருக்கிறார். திரை விலகும் அந்த நொடியில் பெற்றோர் வரிசையில் பாதிப்பேர் மனதில் ஓடுவது இதே கேள்விதான். அதற்கு மேடையிலேயே பதில் வராவிட்டால், நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் வேறொரு பதில் ஓடத் தொடங்கிவிடும்.

ஆகவே பேச்சை இரண்டாகப் பிரியுங்கள். முதல் நான்கு நிமிடம் பிள்ளைகளுக்கு. பிறகு உடம்பையே பெற்றோர் பக்கம் திருப்பி, 'இனி உங்களிடம்' என்று சொல்லிவிட்டு, எது எப்போது மாறும், எது மாறாது, யார் செலவு என்பதைச் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் ஒரு அலங்காரச் சொல்கூட வரக்கூடாது.

பனியன் ஊர் மணி

சீருடை சப்ளை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மேடம், மேடையில் எதையாவது வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் சப்ளையரிடம் பேசிவிடுங்கள். பழைய பேட்ஜ் அடித்த சட்டை அவரிடம் எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது என்று கேளுங்கள். இருந்தால் அதை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். 'பழையதும் செல்லும்' என்று நீங்கள் அறிவித்தால் அது சாதாரணமாக விற்றுத் தீரும். 'ஜூன் முதல் புதியது கட்டாயம்' என்றால் அந்த நஷ்டம் யார் தலையிலோ விழும். யார் தலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னத்தைப் பற்றியும் சொல்கிறேன். பாக்கெட் பேட்ஜ் ஆறு சென்டிமீட்டர் தாண்டாது. அந்த அளவில் 'கற்றனைத்தூறும் அறிவு' என்று வட்டமாக எம்பிராய்டரி அடித்தால் புள்ளியெல்லாம் அடைத்துக்கொள்ளும். ற்-இல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, 'னை' வெறும் நூல் முடிச்சாக வரும். இரண்டு மூன்று தடவை துவைத்தால் இன்னும் மோசம். பாக்கெட்டில் படம் மட்டும் வரட்டும். வாசகத்தை டைரியிலும் பலகையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டங்களையும் குறைக்கச் சொல்லுங்கள். மெல்லிய கோடு பக்கத்தில் மெல்லிய கோடு வந்தால் நூலில் ஒட்டிக்கொண்டு ஒரே திட்டாகிவிடும். ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அதில் கை கையாகத் தெரிந்தால் எல்லாவற்றிலும் தெரியும்.

இதுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்றால், மேடையில் 'மூன்று வளையம்' என்று விளக்கிவிட்டு, சட்டையில் இரண்டு வளையம்தான் வந்தது என்றால் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள்.

சட்டம் பேசுவோம்

எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சின்னம் என்பதைச் சும்மா மாற்ற முடியாது. அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத சின்னம் பயன்படுத்துவது 1950-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

பழைய ஹெச்.எம்.

ஐயா சொல்வதில் பாதி சரி. 1950-இல் வந்த சட்டமும் 2005-இல் வந்த சட்டமும் உண்மை. ஆனால் அவை தடுப்பது வேறு. நான்முகச் சிங்கம், அசோகச் சக்கரம், மாநில அரசின் கோபுரச் சின்னம் போன்றவற்றைக் கண்டவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்தவை. தெரியாமல் சிங்கத்தை லெட்டர்பேடில் போட்ட பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன், எடுக்கச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு பள்ளி தனக்கென்று ஊற்றையோ மரத்தையோ வரைந்துகொள்வதற்கு அந்தச் சட்டத்தில் பதிவு ஏதும் கிடையாது. வணிகக் குறியாகப் பதிவதும் விருப்பம்தான், கட்டாயமில்லை.

எழுத்தில் வாங்க வேண்டியது வேறொன்று. படத்தை வரைந்தது ஒரு மாணவி. அதைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றியது ஒரு டிசைனராக இருக்க வேண்டும். படைப்பு உரிமை வரைந்தவருடையது. பள்ளிக்கு அதை மாற்றித் தருவதாக இருவரிடமும் எழுத்து வேண்டும். மாணவி மைனர், ஆகவே பெற்றோர் கையெழுத்து. இதைச் செய்யாமல் மேடையில் பெயரைச் சொல்லிக் கைதட்டல் மட்டும் வாங்கிக்கொடுப்பது நியாயமில்லை.

சட்டம் பேசுவோம்

சரி, பதிவு விஷயம் விட்டுவிடுகிறேன். ஆனால் பழைய சின்னத்தில் உதயசூரியன் இருந்தது, இப்போது இல்லை. இதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா?

பாலாற்றங்கரை

அதுதான் என் தலைவலியும். ஒரு அறங்காவலர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். பள்ளி தொடங்கியபோது அதை வரைந்தவருக்கு விடியல் மட்டும்தான் மனதில் இருந்தது, கட்சி இல்லை. இப்போது எடுத்ததற்கும் கட்சி காரணமில்லை. ஆனால் தேர்தல் நெருங்கும்போது யார் எதை நம்புவார்கள்? மேடையில் இதைச் சொல்லலாமா?

பழைய ஹெச்.எம்.

சொல்லாதீர்கள். யாரும் கேட்காத கேள்விக்கு மைக்கில் பதில் சொன்னால் கேள்வி 900 வீட்டுக்குப் போய்ச் சேரும். தனியாகக் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். சூரியன், இலை, தாமரை, கை, மாம்பழம் எல்லாம் கட்சிகளிடம் போய்விட்டன, நம் ஊரில் சின்னம் வரைகிறவன் பாவம். ஆமாம், உங்கள் ஊற்றுப் படத்திலும் ஒரு கை இருக்கிறதே?

பாலாற்றங்கரை

ஐயோ.

பனியன் ஊர் மணி

மணலை அள்ளுகிற மாதிரி விரல் மடக்கி இருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டுகிற மாதிரி இருந்தால்தான் வம்பு.

தமிழ் மிஸ்

வாசகம் பற்றி. குறள் 396, கல்வி அதிகாரம். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு.' எனக்குப் பிடித்த தேர்வு. பாதிப் பள்ளிகள் 391-ஐ எடுத்து 'கற்க கசடற' என்று வாசலில் எழுதிவிடுகின்றன, பெயின்டர் அதிலும் ஒரு 'க்' சேர்த்துவிடுகிறார். தமிழ்ப் பல்கலைக்கழகம் 596-ஐ வைத்துக்கொண்டது. 396 அவ்வளவாகத் தேய்ந்துபோகவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். 2023-இல் பள்ளிக்கல்வித் துறை 'மணற்கேணி' என்ற பெயரில் செயலி கொண்டுவந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் செயலியாகத்தான் அறிந்திருப்பார்கள். மேடையில் 'ஊற்று' என்றே சொல்லுங்கள், உங்கள் ஊரில் புழங்கும் சொல்லும் அதுதானே.

எல்.கே.ஜி. குழந்தை 'கற்றனைத்தூறும்' என்பதை ஒரே மூச்சில் சொல்லாது. எல்லோரையும் திரும்பச் சொல்லவைக்கப் போகிறீர்கள் என்றால் முழுக்குறளையும் மெட்டோடு சொல்லவையுங்கள். மெட்டு இருந்தால் நாக்கு பின்னாலேயே வந்துவிடும். ஒரு வாரம் முன்பே வகுப்பில் பழக்கிவிட்டால், திரை விலகும்போது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குறளாக இருக்கும்.

ஆம்பூர்த் தாத்தா

ஊற்று தோண்டியவன் பேசுகிறேன். இங்கே யாரும் தோண்டியதில்லை போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

பாலாறு எங்கள் காலத்திலும் வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். முழங்கால் ஆழம், சில மாதங்களில் இடுப்பளவு. கையால் வாரிப் போடுவோம், ஓட்டாங்கச்சியால் வாருவோம். முதலில் மணல் நிறம் மாறும். அப்புறம் குழியின் அடியில் கசியும். அது கலங்கல். அதைக் குடிக்க மாட்டோம். அள்ளி வெளியே கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்ப ஊறும்போது கொஞ்சம் தெளிவு. மறுபடி கொட்டு. மூன்றாவது நாலாவது தடவை கண்ணாடி மாதிரி நிற்கும். அவசரப்பட்டுக் குடத்தை உள்ளே விட்டால் திரும்பவும் கலங்கும், கொட்டாங்கச்சியால் மெதுவாக மொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஆழமாக மட்டும் தோண்டினால் சுற்றி இருக்கும் மணல் சரிந்து குழி மூடிவிடும். ஆழம் போகப்போக வாயையும் அகலமாக்க வேண்டும். அந்தப் பெண் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வரைந்ததாகச் சொன்னீர்களே, அது சரியான படம். யாரோ பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அம்மா, இன்றைக்கு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டிக் காட்ட முடியுமா? மணலை அடிக்களிமண் தெரிகிற வரைக்கும் வாரிவிட்டார்கள். மணல் இல்லாத இடத்தில் ஊற்று ஏது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புக் கழிவு வேறு. 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021-இல் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டுப் போனது, வேடிக்கை பார்த்தோம். பிடித்து வைக்க மணல் எங்கே? இதைச் சொல்லாமல் 'நம் ஆறு, நம் ஊற்று' என்று மேடையில் பேசினால் எங்களைப்போன்ற கிழங்கள் பின்வரிசையில் சிரிப்போம்.

பழைய ஹெச்.எம்.

பெரியவர் சொன்ன அந்தக் கலங்கல்தான் உங்கள் பேச்சு, அம்மா. எனக்குப் படித்ததும் பொறி தட்டியது. 'படிக்கப் படிக்க அறிவு ஊறும்' என்று எல்லோரும் சொல்வார்கள். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும், அதைக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆளில்லை. முதல் தடவை பின்னக் கணக்குப் போட்டு எல்லாம் தப்பாக வந்த பையனுக்குத் தேவைப்படுவது அதுதான். இதை விட்டுவிட்டு வளையத்தையும் நிறத்தையும் விளக்கவேண்டாம்.

மணல் கொள்ளையை மட்டும் மேடைக்குக் கொண்டுவராதீர்கள். விழா மேடை, சிறப்பு விருந்தினர் யாராக இருப்பார் என்று தெரியாது, நிர்வாகத்தைச் சங்கடத்தில் மாட்டிவிடும்.

ஆம்பூர்த் தாத்தா

சங்கடம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

வடமராட்சிப் பெடியன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கதை நடந்தது. நாங்கள் இலச்சினை, மகுட வாசகம் என்போம். நூறு வருடம் தாண்டிய பள்ளிக்கூடம். அதிபர் காலைப் பிரார்த்தனையில் புது இலச்சினையைக் காட்டினார், அவ்வளவுதான். பிள்ளைகள் வகுப்புக்குப் போய்ச் சேர முன்னமே படம் லண்டனுக்கும் டொரோண்டோவுக்கும் போய்விட்டது. பழைய மாணவர் சங்கக் கிளைகள் எல்லாம் கொதித்தெழுந்தன. 'எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை' என்பதுதான் அவர்களுடைய முழுக் கோபமும். படத்தைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. கடைசியில் பழைய இலச்சினையையே கோடுகளைக் கொஞ்சம் துப்புரவாக்கி வைத்துக்கொண்டார்கள், வாசகத்தில் கை வைக்கவேயில்லை.

உங்கள் பழைய மாணவர்களுக்கு முதல்நாள் இரவே படத்தோடு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள், அக்கா. மேடையில் அதைப் பற்றி ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. பேச்சைப் புதிதாகவே எழுதினேன். நிர்வாகத்திடம் பேசி, சீருடை பற்றி எழுத்தில் முடிவு வாங்கிவிட்டேன். மாணவியின் அம்மா, அப்பா கையெழுத்தும் வாங்கியாயிற்று. கையின் விரல்கள் இப்போது மடங்கியிருக்கின்றன. வளையம் இரண்டுதான். நிகழ்ச்சியின் தேதியை மாற்ற முடியவில்லை, 26-ஆம் தேதியேதான். பேச்சு இதோ:

"எல்லாரும் உட்காருங்கள். அங்கே பாருங்கள்.

(திரை விலகும். கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

ஒன்றாம் வகுப்பு, என்ன தெரிகிறது? சொல்லுங்கள்.

இது ஒரு ஊற்று. நம் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாலாற்றில் உங்கள் பாட்டிகளும் தாத்தாக்களும் தோண்டிய ஊற்று. வரைந்தது உங்களில் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. அவளை எழுந்து நிற்கச் சொல்கிறேன்.

ஆற்றில் தண்ணீர் ஓடாத நாளில் உங்கள் பாட்டி குடத்தோடு மணலில் இறங்குவார். கையால் மணலை வாரிப் போடுவார். கொஞ்ச ஆழத்தில் ஈரம். இன்னும் தோண்டினால் தண்ணீர். ஆனால் அது கலங்கல். பாட்டி அதைப் பார்த்து 'இந்த ஆற்றில் நல்ல தண்ணீரே இல்லை' என்று எழுந்து போய்விடவில்லை. கலங்கலை அள்ளிக் கொட்டினார். காத்திருந்தார். மறுபடி ஊறியது, மறுபடி கொட்டினார். கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. எடுக்க எடுக்க வந்தது.

நீங்கள் முதல் தடவை போடும் கணக்கு கலங்கலாக இருக்கும். முதல் தடவை எழுதும் கட்டுரையும் அப்படித்தான். அதைப் பார்த்து உங்களுக்குக் கணக்கு வராது, தமிழ் வராது என்று எந்த ஆசிரியரும் இந்தப் பள்ளியில் சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. சொன்னால் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

இந்த ஊற்றை உங்களுக்கு ஆற்றில் காட்ட என்னால் முடியாது. ஊற்றுக்கு மணல் வேண்டும், மணலை எடுத்துவிட்டோம். அதனால்தான் இங்கே வரைந்து வைத்திருக்கிறோம். இப்போது உங்களுக்குத் தெரிந்த குறள்தான், சேர்ந்து சொல்லுங்கள்.

பெற்றோர்களே, இனி உங்களிடம். இதற்காக யாரும் எதையும் வாங்க வேண்டாம். பழைய சின்னம் போட்ட சட்டையைக் கிழியும் வரை போடலாம். அடுத்த வருடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும், புதுச் சட்டை தேவைப்படுகிறவர்களுக்கும் மட்டும் புதிய சின்னம் வரும். விலையில் மாற்றமில்லை. ஆகவே இரண்டு மூன்று வருடம் இரண்டு சின்னமும் இந்த மைதானத்தில் இருக்கும். அதற்காக எந்தப் பிள்ளையையும் வரிசையிலிருந்து வெளியே நிறுத்த மாட்டோம். பழைய டி.சி., பழைய சான்றிதழ் எல்லாமே செல்லும்.

பழைய சின்னத்தோடு படித்துப் போனவர்களுக்கு நேற்றே எழுதியிருக்கிறோம். அலுவலக வாசலில் இருக்கும் பழைய பலகை அங்கேயே இருக்கும். கேள்வி இருப்பவர்கள் இந்த வாரம் முழுதும் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம். நன்றி."

நிதானமாக வாசித்தால் ஆறரை நிமிடம்.

இரண்டு பிள்ளை அப்பா

'இரண்டு மூன்று வருடம் இரண்டு சின்னமும் இருக்கும்.' இந்த ஒரு வரிக்காகவே உங்கள் பள்ளியில் சேர்க்கலாம் போலிருக்கு. ஆனா டைரி?

பாலாற்றங்கரை

டைரி எப்படியும் வருடா வருடம் புதிது அச்சடிப்பதுதான், சார். அதே விலை.

பழைய ஹெச்.எம்.

நல்ல பேச்சு. 'நானும் சொல்லக் கூடாது' என்ற இடத்தில் உங்கள் ஆசிரியர்கள் முகத்தைப் பாருங்கள், சிலர் நெளிவார்கள். அவர்களை முதல்நாளே ஸ்டாஃப் ரூமில் கூப்பிட்டு இந்த வரியை வாசித்துக் காட்டிவிடுங்கள். ஆயிரம் பேர் முன்னால் முதல் தடவை கேட்கவைக்கக் கூடாது. 'மணலை எடுத்துவிட்டோம்' என்ற வரியை நான் இன்னும் எடுக்கத்தான் சொல்வேன்.

ஆம்பூர்த் தாத்தா

நான் வைக்கச் சொல்வேன். 'எடுத்துவிட்டார்கள்' என்று எழுதாமல் 'எடுத்துவிட்டோம்' என்று எழுதியிருக்கிறார், அதைக் கவனியுங்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லையே.

தமிழ் மிஸ்

'கிழியும் வரை' சிரிப்பு வரும் இடம், நிறுத்திப் பேசுங்கள். பிளக்ஸில் அச்சடிக்கப் போகும் எழுத்தை நீங்களே ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். 'கற்றனைத்தூரும்' என்று வந்துவிடப் போகிறது.

பாலாற்றங்கரை (ஜனவரி 26, இரவு)

முடிந்தது. துணி ஒரு மூலையில் ஆணியில் மாட்டிக்கொண்டு பாதிதான் விலகியது, பி.இ.டி. சார் ஓடிப்போய் இழுத்தார். 'என்ன தெரிகிறது' என்று கேட்டதற்கு ஒன்றாம் வகுப்பு ஒரே குரலில் 'பரோட்டா' என்றது. மைதானமே சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நல்லதாகவும் போயிற்று, அதன்பிறகு எல்லோரும் படத்தைத்தான் பார்த்தார்கள்.

மணல் வரியை வைத்துப் பேசினேன். விருந்தினர் ஒன்றும் சொல்லவில்லை. தாளாளர் மட்டும் 'அது தேவையா?' என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி வந்து, எந்த இடத்தில் தோண்டுவார்கள் என்று மாணவியிடம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை சீருடையைப் பற்றியே, மேடையில் சொன்ன பிறகும். எழுத்தில் வேண்டுமாம். நாளை சுற்றறிக்கை போகிறது. பழைய மாணவர்களில் ஒரு குழு, நுழைவாயில் வளைவில் இருக்கும் சிமென்ட் சின்னத்தைத் தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அது அவர்கள் பணம் போட்டுக் கட்டிக்கொடுத்த வளைவு. நிர்வாகம் அதை உடைத்துப் புதியது வைக்க நினைக்கிறது. இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வடமராட்சிப் பெடியன்

வளைவில் கை வைக்காதேயுங்கோ, அக்கா. அனுபவத்தில் சொல்கிறேன்.

சட்டம் பேசுவோம்

நன்கொடையாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அது பள்ளியின் சொத்து. கேட்கவே தேவையில்லை.

பழைய ஹெச்.எம்.

சொத்து பள்ளியுடையதுதான் ஐயா, அடுத்த கட்டடத்துக்கு நன்கொடை கேட்கப் போவதும் அவர்களிடம்தான். அம்மா, வளைவு கட்டியபோது போட்ட தீர்மானமோ கடிதமோ அலுவலகத்தில் இருக்கும். சின்னத்தைப் பற்றி அதில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் தேடி எடுங்கள்.

பனியன் ஊர் மணி

அது ஒருபக்கம் இருக்கட்டும். மேடம், டிசைனரிடம் எம்பிராய்டரிக்குத் தனி ஃபைல் வாங்கினீர்களா? வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து பஞ்சிங் போடச் சொன்னால் எந்த சப்ளையராக இருந்தாலும் பரோட்டாதான் வரும்.